தவணை முறையில் வரும் உண்மை

புனே நகரக் கிளையொன்றில் கடன் பிரிவைக் கவனித்துவந்த காலத்தில், வீட்டுக்கடன் கேட்டு ஒரு தம்பதியர் வந்தனர். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். கணவருக்கு மாதம் 62,000 ரூபாய் ஊதியம்; மனைவி பள்ளி ஆசிரியை. கூட்டு விண்ணப்பம் என்பதால் இருவருடைய கடன் வரலாற்று அறிக்கையையும் வரவழைத்தேன். மனைவியின் அறிக்கையில் குறையேதும் இல்லை. கணவருடைய அறிக்கையில் இரண்டு கடன் அட்டைகள், ஒரு தனிநபர் கடன், கைபேசிச் செயலி வழியே பெற்ற ஒரு சிறுகடன், கூடவே முப்பது நாள் தாமதக் குறிப்பு. மொத்தம் ஐந்தரை இலட்சத்திற்கும் மேல். அந்த அம்மையாருக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது என்பது அவர் புன்னகையிலேயே விளங்கியது.

வங்கி அலுவலர் அந்த இடத்தில் ஒன்றும் சொல்ல இயலாது. ஒருவருடைய கணக்கு விவரத்தை அவருடைய வாழ்க்கைத் துணைக்குக்கூட நாங்களாக வெளியிடுவதில்லை. “இப்போதைக்கு விண்ணப்பத்தை மேலே கொண்டுசெல்ல இயலாது, காரணத்தை ஐயாவிடம் தனியே தெரிவிக்கிறேன்” என்றேன். அந்தத் ‘தனியே’ என்ற சொல் போதுமானதாக இருந்தது போலும். நான்கு நாள் கழித்து இருவரும் திரும்பி வந்தனர். அம்மையாரின் கையில் ஒரு தாள். “எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், சார்” என்றார். தாளில் ஓர் அட்டையும் தனிநபர் கடனும் மட்டுமே இருந்தன.

இதைத்தான் இக்கட்டுரையில் முதலில் சொல்ல விரும்புகிறேன். மறைத்த கடன் ஒரே மூச்சில் வெளிவருவது அரிது. வெட்கப்படுபவர் தாங்கக்கூடிய அளவை முதலில் சொல்வார். மிச்சத்தைத் தாமே எப்படியாவது அடைத்துவிடலாம் என எண்ணுவார். கேட்பவரோ அதையே முழுக் கணக்காகக் கொண்டு மன்னித்துவிடுவார். சில மாதம் கழித்து இரண்டாவது கடன் தெரியவரும்போது ஏற்படும் காயம் முதற்காயத்தைவிட ஆழமானது. ஆகவே மன்னிப்புக்கு முன் கணக்கு முழுமையாக வேண்டும். அதற்கு வாய்மொழி போதாது.

நம் நாட்டில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் உள்ளன. ரிசர்வ் வங்கியின் விதிப்படி ஒவ்வொன்றிடமிருந்தும் ஆண்டுக்கொரு முறை முழு அறிக்கையைக் கட்டணமின்றிப் பெறலாம். ஒன்றில் விடுபட்டது மற்றொன்றில் இருக்கக்கூடும் என்பதால் இரண்டையாவது எடுத்துப் பார்ப்பது நன்று. கடன் வாங்கியவர் தம் கைபேசிக்கு வரும் ஓடிபி எண்ணைக் கொண்டு தாமே எடுக்கட்டும். துணைவர் அருகிலிருந்து பார்க்கட்டும். அவர் உறங்கும்போது கைபேசியை எடுத்துச் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு மறைவுக்கு இன்னொரு மறைவு மருந்தாகாது.

பலரும் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து அறிக்கையை மூடிவிடுகின்றனர். கடைசிப் பக்கங்களில் ‘விசாரணைகள்’ என்றொரு பகுதி உண்டு. எந்தத் தேதியில் எந்த நிறுவனத்திடம் கடன் கேட்கப்பட்டது என்பது அங்கே பதிவாகியிருக்கும். கிடைக்காத கடனும் அங்கே தெரியும். அந்தக் கணவரின் விசாரணைகள் மூன்றாண்டுக்கு முன்பு தொடங்கியிருந்தன. அது தம் தந்தை மருத்துவமனையில் இருந்த காலம் என்று அப்போதுதான் அவர் சொன்னார். ஆனால் நண்பரிடம் வாங்கிய கைமாற்று, சீட்டுப் பணம், அடகுக் கடையில் வைத்த நகை ஆகியவை எந்த அறிக்கையிலும் வாரா. அவற்றை வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும்.

செலவின் தன்மையையும் பார்க்க வேண்டும். அட்டையிலிருந்து ரொக்கமாக எடுத்த தொகைகளும், பின்னிரவில் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பச் சென்ற சிறு தொகைகளும் இருந்தால் அது சூதாட்டமாக இருக்கலாம். அந்நிலையில் நான் இங்கே சொல்லும் ஏற்பாடுகள் போதா. மனநல மருத்துவரின் உதவியும் வேண்டும்.

அம்மையாரின் அடுத்த கேள்வி: “இந்தக் கடன் என்னையும் சேருமா?” சேராது, மனைவி என்பதனால் மட்டும் சேராது. இணைக்கடனாளியாகவோ பிணையாளியாகவோ கையெழுத்திட்டிருந்தால் சேரும். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவுப்படி பிணையாளியின் பொறுப்பு, ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொன்னாலன்றி, கடனாளியின் பொறுப்புக்கு நிகரானது. இதை அறிந்த பின்னரே அவர் முகம் சற்றுத் தெளிந்தது.

மாமியார் தம் நகையை விற்று உடனே அடைத்துவிடலாம் என்றாராம். வங்கிக்காரன் நகைக்கடன் வேண்டாமென்று சொல்வது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் விற்கவும் வேண்டாம், அடகும் வேண்டாம் என்றேன். பிறர் நகையால் ஒரே நாளில் அடைபடும் அட்டை மறுநாளே முழு வரம்போடு காலியாக நிற்கும். மறைத்தவர் எதையும் மாற்றிக்கொள்ள நேர்வதில்லை; கொடுத்தவர் மனத்தில் மட்டும் கடன் ஏறியிருக்கும்.

பெரிய அட்டையின் நிலுவை 1,85,000 ரூபாய். அவர் மாதந்தோறும் குறைந்தபட்சத் தொகையான ஐந்து விழுக்காட்டை, அதாவது 9,250 ரூபாயைக் கட்டிவந்தார். மாத வட்டி மூன்றரை விழுக்காடு எனில் 6,475 ரூபாய். அதன்மேல் பதினெட்டு விழுக்காடு ஜிஎஸ்டி ஏறத்தாழ 1,165. அசலில் குறைந்தது 1,600 ரூபாய் அளவே. நிலுவை இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அட்டை நிறுவனத்திடம் பேசி, நிலுவையை ஆண்டுக்குப் பதினெட்டு விழுக்காட்டு வட்டியில் 24 மாதத் தவணையாக மாற்றச் செய்தோம். தவணை 9,236 ரூபாய். வட்டிப் பகுதிக்கு மட்டும் ஜிஎஸ்டி தனி. ஏறக்குறைய அதே பணம்; ஆனால் இப்போது அதற்கு ஒரு கடைசித் தேதி உண்டு. அதைக் கேட்டு அவர் நெடுநேரம் பேசவில்லை. இரண்டு அட்டைகளின் வரம்பையும் குறைக்கும்படி அவரே எழுதிக்கொடுத்தார். செயலிக் கடனை அவருடைய ஊக்கத்தொகையில் அடைத்தனர்.

பிறகு நம்பிக்கை. கடவுச்சொற்களையெல்லாம் ஒப்படைக்கச் சொல்லும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். காவலர், கைதி உறவு ஒருநாள் சலித்துப்போகும். கைதி இன்னும் நன்றாக மறைக்கக் கற்றுக்கொள்வார். இவர்கள் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலையில் எல்லாக் கணக்கு அறிக்கைகளையும் மேசைமேல் வைத்து அரைமணி நேரம் பார்ப்பதென்று முடிவுசெய்தனர். அம்மையாரின் கணக்கும் அந்த மேசைக்கு வர வேண்டும் என்றேன். தயங்கினார், அவரிடம் சிறுவாட்டுப் பணம் கொஞ்சம் இருந்தது. மறைத்த சேமிப்பும் மறைத்த கடனும் ஒன்றல்லதான். இருந்தாலும் அதையும் சொன்னார். கேள்விகேட்காத கைச்செலவாக ஆளுக்கு 3,000 ரூபாயும் ஒதுக்கிக்கொண்டனர். தேநீருக்கும் கணக்குக் கேட்டால் பொய் மீண்டும் அங்கிருந்துதான் தொடங்கும்.

ஐந்தாம் மாதம் ஒரு சறுக்கல் நேர்ந்தது. உடன்பணியாற்றுபவரிடம் 8,000 ரூபாய் கைமாற்று வாங்கிவிட்டார். அன்றிரவே மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அம்மையார் என்னிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது கோபமாகவே இருந்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைவரை அவர் காத்திருக்கவில்லை என்பதையும் இருமுறை சொன்னார்.

வீட்டுக்கடனுக்கு அவர்கள் இன்னும் மீண்டும் விண்ணப்பிக்கவில்லை. 24ஆம் தவணை முடியட்டும், அன்று இரண்டு அறிக்கைகளையும் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுகிறேன் என்று அம்மையார் சொல்லியிருக்கிறார். சென்ற மாதம் கட்டியது பதினாறாவது.