'அனுசரிச்சுப் போ'ன்னு சொல்லாதீங்க

பையனைத் தமிழ்நாட்டுல ஒரு காலேஜ் ஹாஸ்டல்ல சேர்த்துட்டு ஜங்லிகாட் திரும்பி ஒரு வாரம் ஆச்சு. மீன் வாங்கப் போன இடத்துல நம்மூர் அண்ணாச்சி ஒருத்தர் விசாரிச்சார். "சீனியர் பசங்க ஏதாச்சும் செஞ்சா அனுசரிச்சுப் போகச் சொல்லுங்க. நாமெல்லாம் படாததா?" நானும் தலையாட்டிட்டு வந்தேன். உண்மையைச் சொன்னா, ரயில் நிலையத்துல நானே அவன்கிட்ட அதைத்தான் சொல்லியிருந்தேன். இப்ப நினைச்சா வெட்கமா இருக்கு.

மக்களே, 1996 நவம்பரை மறந்துட்டோமா? சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல முதலாமாண்டு மருத்துவ மாணவன் நாவரசு, சீனியர் ஒருத்தனால கொலை செய்யப்பட்டான். அவன் அப்பா அப்போ சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அவர் பிள்ளைக்கே அந்தக் கதி. அதுக்கப்புறம் 1997ல தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. ராகிங் செஞ்சா ரெண்டு வருஷம் வரை ஜெயில், காலேஜை விட்டும் நீக்கம். வழக்கு உச்ச நீதிமன்றத்துல முடிய 2011 ஆச்சு. ஒரு உயிர் கொடுத்து வாங்கின சட்டத்தை நாம ஒத்தை வார்த்தையில தள்ளுபடி பண்றோம்.

இதுல பெரிய கூத்து என்னன்னா, அட்மிஷன் அன்னைக்கு ராகிங் எதிர்ப்பு உறுதிமொழின்னு ஒரு பேப்பர்ல பெற்றோரும் கையெழுத்து போடறோம். யூ.ஜி.சி.யின் 2009 விதிகளைப் படிச்சுப் புரிஞ்சுக்கிட்டேன்னு அதுல இருக்கு. நான் படிக்கவே இல்லை. ஃபீஸ் கவுண்டர்ல கூட்டம்! வீட்டுக்கு வந்துதான் படிச்சேன். முதலாமாண்டு பசங்களை முடிஞ்ச வரை தனி ஹாஸ்டல்லயோ தனி பிளாக்லயோ வைக்கணும். முடியலைன்னா சீனியர்கள் அங்க வந்து போறதை வார்டன் கண்காணிக்கணும். குற்றம்னு தெரிஞ்சா 24 மணி நேரத்துக்குள்ள காலேஜ் தலைமையே போலீஸ்ல எஃப்.ஐ.ஆர். போட ஏற்பாடு பண்ணணும். நான் வார்டன்கிட்ட கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதெல்லாம். நான் கேட்டது என்ன? "மெஸ்ல சாம்பார் நல்லா இருக்குமா சார்?"

பக்கத்து ஊர்ல இருக்கறவங்க ராத்திரி பஸ் பிடிச்சுப் போயிடலாம். நமக்கு சென்னைக்குக் கப்பல்னா ஏறக்குறைய மூணு நாள், அதுவும் தினமும் கிடையாது. விமானத்துக்கு டிக்கெட்டும் காசும் அமையணும். அதனால நம்ம பிள்ளைங்ககிட்ட கூடுதலா கவனம் வேணும். ராத்திரி மட்டும் போன் அணைஞ்சே கிடக்கு, காரணம் சொல்லாம காசு கேக்கறான், மெஸ்ஸுக்கே போறதில்லை, திடீர்னு 'படிப்பே வேண்டாம்'ங்கறான்னா, வீட்டு ஏக்கம்னு விட்டுடாதீங்க.

நேத்து ராத்திரி அவனுக்குப் போன் போட்டேன். சொன்னது இவ்வளவுதான்:

"தம்பி, அப்பா ஸ்டேஷன்ல சொன்னது தப்புடா. பேர் கேட்டா சொல்லு, ஊர் கேட்டா சொல்லு. சட்டையைக் கழட்டு, ரெக்கார்டு எழுதித் தா, காசு கொடுன்னா மாட்டேன்னு சொல்லு. அங்க இருந்து நகர்ந்து வார்டன்கிட்ட போ. அவர் கேக்கலைன்னா 1800-180-5522, ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பாங்க, காசு கிடையாது. யார், எங்க, எத்தனை மணிக்குன்னு எழுதி எனக்கு மெசேஜ் அனுப்பு. உனக்குப் பயமா இருந்தா நானே புகார் கொடுக்கறேன். ஒரு வருஷம் போனாலும் பரவாயில்லை. நீ வேணும்."

கொஞ்ச நேரம் அவன் பேசலை. அப்புறம், "அப்பா, பக்கத்து ரூம் பையனுக்கும் அந்த நம்பரைக் கொடுக்கட்டுமா?"ன்னான்.

எனக்குத் தூக்கம் போச்சு. இன்னைக்குக் காலையிலேயே வார்டனுக்குப் போன் போட்டுட்டேன். நீங்க உங்க பிள்ளைகிட்ட என்ன சொல்லி அனுப்பினீங்க?