கரடியின் கை தளரும் வேளை

நமக்கு அறிமுகமான ஓய்வுபெற்ற அன்பர் ஒருவர் சென்ற வாரம் ஒரு கொப்பியுடன் நம் இல்லம் வந்தார். தம் பணிக்கொடையில் ஒரு பகுதியைப் பங்குச் சந்தையில் இட்டவர் அவர். "கரடி வலு பூச்சியத்துக்குக் கீழே நின்று, ஏறத் தொடங்கினால் வாங்கலாம் என்று படித்தேன், மாஸ்டர். அப்படியே இரண்டு முறை வாங்கினேன். விலையோ இறங்கிக்கொண்டே போகிறது" என்றார். அவர் படித்தது பொய்யன்று, ஆனால் பாதி. மற்றப் பாதியை இவ்வாரம் ஆராய்வோம்.

இம்முறையை 1989ஆம் ஆண்டில் வகுத்தவர் அலெக்சாண்டர் எல்டர். லெனின்கிராட்டில் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய மனநோய் வைத்தியர் அவர். சந்தையில் வாங்கத் துடிப்போரைக் காளையென்றும், விற்கத் துடிப்போரைக் கரடியென்றும் அழைப்பது வழக்கம். இவ்விருவரின் பலத்தையும் தனித்தனியே அளப்பதே எல்டரின் நோக்கம்.

அளப்பதற்கு ஓர் அடிக்கோடு வேண்டும். பதின்மூன்று நாள் அடுக்குக்குறிச் சராசரியே அக்கோடு. நேற்றைய சராசரிக்கும் இன்றைய இறுதி விலைக்கும் உள்ள வேற்றுமையை ஏழால் வகுத்து, வருவதை நேற்றைய சராசரியுடன் சேர்க்க வேண்டும். இறுதி விலை குறைவாயின் கழிக்க வேண்டும். அவ்வளவே கணக்கு. புதிய நாளுக்கு மிகுந்த மதிப்பும், பழைய நாட்களுக்குத் தேய்ந்து செல்லும் மதிப்பும் இதனாற் கிடைக்கின்றன. பங்கின் பெறுமதி பற்றிச் சந்தையிலுள்ளோர் பொதுவாக உடன்பட்ட மதிப்பீடாக இச்சராசரியைக் கொள்ளலாம்.

அன்றைய உச்ச விலையிலிருந்து சராசரியைக் கழித்தால் வருவது காளை வலு. தாழ்ந்த விலையிலிருந்து கழித்தால் வருவது கரடி வலு.

ஓர் உதாரணம் காண்போம். திங்கட்கிழமை ஒரு பங்கின் சராசரி 102 ரூபா; இறுதி விலை 114 என்க. செவ்வாயன்று உச்சம் 112, தாழ்வு 98, இறுதி விலை 109. சராசரி 103 ஆகிறது; காளை வலு 9, கரடி வலு −5. புதனன்று உச்சம் 111, தாழ்வு 101, இறுதி விலை 110. சராசரி 104, காளை வலு 7, கரடி வலு −3. சராசரி ஏறுகின்றது, விலையைக் கீழே இழுத்த கரடியின் கை தளருகின்றது. வாங்குவதற்கு எல்டர் காட்டும் வேளை இதுவே.

இனி அன்பரின் கொப்பியைப் பார்ப்போம். அவர் வாங்கிய பங்கின் சராசரி முதல் நாள் 89, மறுநாள் 88. கரடி வலு −12இலிருந்து −9க்கு ஏறியிருந்தது. அவர் பார்த்தது அதனை மட்டுமே. அவ்விரு நாளும் உச்ச விலைகள் 87, 86. அதாவது காளை வலுவும் −2. காளைகள் முழு மூச்சுடன் தள்ளியும் விலை சராசரியைக்கூடத் தொடவில்லை! அங்கே கரடி சற்று இளைப்பாறியது, தோற்கவில்லை. சராசரி இறங்கும்போது வாங்கும் பேச்சே இல்லை என்பதுதான் அவர் படியாத பாதி.

துணைக்கு விசைச் சுட்டெண்ணையும் பார்த்தல் நன்று. இன்றைய இறுதி விலையிலிருந்து நேற்றைய இறுதி விலையைக் கழித்து, கைமாறிய பங்குகளின் தொகையாற் பெருக்க வேண்டும். நம் உதாரணத்தில் செவ்வாயன்று விலை 5 ரூபா வீழ, 2,000 பங்குகள் கைமாறின எனின் சுட்டெண் −10,000. புதனன்று 1 ரூபா ஏற, 1,500 பங்குகள் கைமாறின எனின் +1,500. இதனை இரண்டு நாள் அடுக்குக்குறிச் சராசரியாக்கிப் பார்ப்பது மரபு. அதில் வேற்றுமையின் மூன்றில் இரண்டு பங்கைச் சேர்க்க வேண்டும். திங்களன்று அது +2,000 எனின், செவ்வாயன்று −6,000, புதனன்று −1,000. விற்போரின் விசை ஓய்வதை இதுவும் உறுதிசெய்கின்றது.

இத்துணை ஏன் வேண்டும்? கரடி வலு பங்குகளின் தொகையை அறியாது. வியாபாரம் மெலிந்த பங்கில் யாரோ ஒருவர் ஐம்பது பங்குகளை அவசரமாக விற்றாலும், தாழ்வு விலை சரிந்து, கரடி பெரிதாகத் தோன்றும். விசைச் சுட்டெண் சிறிதாகவே நின்று அம்மாயத்தைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் அதற்கும் ஒரு குறையுண்டு. முன்னரே பேசி முடித்த பெருந்தொகைக் கைமாற்றம் ஒன்று அன்றைய கணக்கிற் சேர்ந்தால், இல்லாத விசை இருப்பதாகத் தோன்றும். சராசரி ஏறாமலும் இறங்காமலும் கிடக்கும் காலத்திலோ இரு அளவைகளுமே வீணாக அலைக்கழிக்கும்.

நல்ல வேளையென்று தெரிந்தும் தவறலாம். ஆகையால் நம் உதாரணத்தில் செவ்வாயின் உச்சமாகிய 112ஐக் கடந்தாலன்றி வாங்காமலும், பின்னர் 98க்குக் கீழே வீழ்ந்தால் விற்று விலகியும் விடவேண்டும். பங்கொன்றுக்கு ஏறக்குறைய 14 ரூபா நட்டம். எத்தனை பங்கு வாங்கலாமென்பதை அதனைத் தாங்கும் சக்தியே தீர்மானிக்கட்டும்.

அன்பர் கொப்பியை மூடிவிட்டு, "அப்படியானால் மூன்றாம் முறை வாங்குவதில்லை" என்றார். இருந்ததை விற்பதா என்று அவர் கேட்கவில்லை. சராசரி இன்னும் இறங்குகிறதா என்பதை நாள்தோறும் குறித்து வரும்படி மட்டும் கூறி அனுப்பினோம்.