பேச்சை எப்போது நிறுத்துவது?

சென்ற ஆண்டு, 2025 ஏப்ரல் கடைசியில், பக்கத்துத் தெருத் தம்பி ஒருவர் வந்தார். ஸ்பின்னிங் மில்லில் சூப்பர்வைசர். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் வாஷிங் மெஷின் வாங்கிய பில்லும் நாலு சர்வீஸ் சீட்டும்.

"சார், நீங்க போஸ்ட் ஆபீஸ்ல இருந்தவரு. இந்தக் கம்பெனிக்கு ஒரு நல்ல லெட்டர் எழுதித் தாங்க. இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார்.

அந்த "இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்ற வார்த்தைதான் எனக்கு உறுத்தியது. சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கச் சொன்னேன்.

2023 பொங்கலுக்கு 34,500 ரூபாய்க்கு வாங்கியது. இரண்டு ஆண்டு வாரண்டி. 2023 ஜூன் 12ஆம் தேதி முதல் பழுது. கன்ட்ரோல் போர்டை மாற்றினார்கள். செப்டம்பரில் மறுபடியும் போர்டு. 2024 பிப்ரவரியில் மறுபடியும் போர்டு. 2024 டிசம்பரில், வாரண்டி முடிய ஒரு மாதம் இருக்கும்போது வந்த மெக்கானிக், முதல் தடவையாக "உப்புத் தண்ணீர்; வாரண்டியில் வராது" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

நம்மூர் போர்வெல் தண்ணீர் உப்புத்தான், மறுக்கவில்லை. ஆனால் உப்பு படிவது தண்ணீர் உள்ளே வரும் வால்வின் வடிகட்டியிலும், சூடேற்றும் காயிலிலும். முதல் மூன்று சீட்டிலும் அப்படி ஒரு வார்த்தைகூட இல்லை. எரிந்தது போர்டு மட்டுமே. ஒரே பாகம் எட்டு மாதத்தில் மூன்று முறை போனதற்கு அவர்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சாட்சி இந்தச் சீட்டுகள். "இதை லேமினேஷன் பண்ணி வைக்க வேண்டிய காகிதம் தம்பி" என்றேன்.

டிசம்பருக்குப் பிறகு அவர் என்ன செய்தார்? கடைக்குப் போனார். "நாங்க வித்ததோட சரி, கம்பெனிக்குப் பேசுங்க" என்றார்கள். கம்பெனிக்குப் பேசினார். ஒரு புகார் எண் கொடுத்தார்கள். இரண்டு நாளில் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று எஸ்.எம்.எஸ். வந்தது. மறுபடியும் பேசினார், மறுபடியும் ஒரு எண். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்தார். அது நல்ல வழிதான். பல புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடுகின்றன. ஆனால் அவர்கள் கம்பெனிக்கு எடுத்துச் சொல்வார்கள், உத்தரவு போட முடியாது. அதன் பலனாகக் கம்பெனி சொன்னது: "பழைய மெஷினைக் கொடுத்து, மேலே 11,000 ரூபாய் கட்டினால் புதுசு தருகிறோம்."

தம்பி அதை 9,000, 8,000 என்று குறைக்கப் பேசிக்கொண்டிருந்தார். நாலு மாதம் ஓடிவிட்டது.

நம்மில் பலருக்குத் தெரியாத விஷயம் இது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் ஆணையத்தில் மனு கொடுக்க வேண்டும். நாம் பேசுவதாலோ, கடிதம் எழுதுவதாலோ, வக்கீல் நோட்டீஸ் விடுவதாலோ அந்தக் கெடு நீளாது. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம். "பேச்சுவார்த்தை நடந்தது" என்பது தக்க காரணம் ஆகும் என்று நம்பி உட்கார முடியாது.

இதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது. ஆந்திராவில் கண்டிமல்லா ராகவய்யா என்ற புகையிலை நிறுவனம். 1988 மார்ச்சில் கிடங்கு தீப்பிடித்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் உரிமை கோரும் படிவம் கேட்டதே 1992 நவம்பரில். பிறகு கடிதம், நோட்டீஸ் என்று போய், 1997இல் தேசிய ஆணையத்துக்குப் போனார்கள். 2009இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: கணக்கு தீப்பிடித்த நாளிலிருந்துதான், பிற்பாடு எழுதிய கடிதங்கள் அதை மாற்றாது. இழப்பு உண்மையா, எவ்வளவு என்ற பேச்சுக்கே வழியில்லாமல் வழக்கு முடிந்தது.

தம்பி விஷயத்தில், டிசம்பரில் மறுத்த நாளிலிருந்து எண்ணலாம் என்று வாதாட இடம் உண்டு. ஆனால் எதிராளி முதல் பழுதைத்தான் பிடித்துக்கொள்வான். அப்படிப் பார்த்தால் 2025 ஜூன் 12க்கு ஆறு வாரம்தான் இருந்தது. முந்தின தேதியை வைத்துக்கொண்டு நடந்தால் அந்த வாதத்துக்கே வேலையில்லை.

எனவே அவர் கேட்ட "நல்ல லெட்டர்" எழுதவில்லை; கடைசிக் கடிதம் எழுதினோம். ஒரு பக்கம். நாலு தேதி, நாலு பழுது, ஒரு கோரிக்கை: முழுப் பணம் அல்லது புது மெஷின், 15 நாளில். இல்லையென்றால் ஆணையம். கடைக்கும் கம்பெனிக்கும் தனித்தனியாக, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால். அதற்குப் பிறகு ஃபோனில் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டேன். ஃபோன் வந்தது, 27,000 தருவதாகச் சொன்னார்கள். "எழுத்தில் கொடுங்க" என்றதும் அடங்கிவிட்டது.

மே 23ஆம் தேதி e-jagriti.gov.in வழியாக மாவட்ட ஆணையத்தில் மனு பதிந்தோம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் ஊரிலேயே பதியலாம். பில்லின் அடியில் வேறு ஊர் நீதிமன்றம் என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. கடை, கம்பெனி இருவரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்தோம். அங்கே போ, இங்கே போ என்ற விளையாட்டு அதோடு முடிந்தது.

ஆணையத்தின் நோட்டீஸ் போன பிறகு கம்பெனி வக்கீலே பேசினார்: முழுப் பணம் 34,500, நஷ்டஈடு கிடையாது. தம்பிக்கு இப்போது வீரம் வந்துவிட்டது. "மன உளைச்சலுக்கு 50,000 கேட்டிருக்கோமே சார், விடக்கூடாது" என்றார்.

இங்கேதான் இரண்டாவது நிறுத்தம். வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். ஓரளவு உபயோகித்த மெஷினுக்கு முழு விலை வருகிறது. மன உளைச்சலுக்கு எவ்வளவு என்பது ஆணையத்தின் முடிவு. 50,000 கேட்டால் 5,000 கிடைக்கலாம். எதிராளிக்கு நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பொருளைப் பரிசோதனைக்கு அனுப்பினால் ஐந்து மாதம். நடைமுறையில் வாய்தாக்களில் அது நீளும். ஒவ்வொரு வாய்தாவும் அவருக்கு ஒரு நாள் சம்பளம். அதன்பின் அவர்கள் மேல்முறையீடு போகலாம்.

ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தோம். "வாபஸ் வாங்குங்க, பத்து நாள்ல பணம் வரும்" என்பதை ஏற்கவில்லை. சமரசத்தை ஆணையத்தின் முன் எழுதிப் பதிவு செய்து உத்தரவாக வாங்கினோம். உத்தரவு இருந்தால், பணம் வராதபோது நிறைவேற்று மனு போடலாம். வெறும் வாபஸ் என்றால் கையில் ஒன்றுமில்லை. "முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்" என்ற காகிதத்தில் பணம் வங்கியில் ஏறிய பிறகே கையெழுத்து.

ஆகஸ்டில் பணம் வந்தது. 50,000 போச்சே என்ற குறை தம்பிக்கு இன்னும் இருக்கிறது. அதைவிட எனக்குத் தோன்றுவது வேறு: ஆயிரம், இரண்டாயிரம் என்று பேரம் பேசியபடி அவர் ஜூன் 12ஐத் தாண்டியிருந்தால், அந்த 11,000 பேச்சுக்குக்கூட ஆள் இருந்திருக்காது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சீட்டு இருந்தால், முதல் பழுதின் தேதியோடு இரண்டு ஆண்டைக் கூட்டி, அதில் மூன்று மாதம் கழித்து, காலண்டரில் ஒரு வட்டம் போடுங்கள். அதுவரை பேசலாம்.