மண்டை இடிக்குது, கீழ இறங்குதில்லை: ஒருவழிப் பலகைகள் பற்றி ஒரு முறைப்பாடு

கேம் செய்யிற பெடியள், பெட்டையள் இப்ப கொழும்பில் கூடிக்கொண்டு வருகினம். எங்கட வட்டத்துக்குள்ளேயே கொட்டாஞ்சேனையில் ரெண்டு பேர், வெள்ளவத்தையில் மூன்று பேர் பழைய மரியோ மாதிரிப் பாய்ந்து விளையாடுகிற சின்னக் கேம்களைச் செய்துகொண்டிருக்கினம். அவற்றை விளையாடிப் பார்த்த பிறகு எங்களுக்கு ஒரு முறைப்பாடு இருக்கிறது. படம் வடிவாக இருக்கிறது, பாட்டும் நல்லம். ஆனால் பலகையில் ஏறப் பாய்ந்தால் மண்டை இடிக்கிறது. ஏறின பலகையிலிருந்து கீழே இறங்க வழியில்லை. இதைச் 'சின்ன பக்' என்று விடக்கூடாது என்பதுதான் எங்கள் கருத்து.

எதைப் பற்றிக் கதைக்கிறோம் என்று முதலில் சொல்லிவிடுகிறோம். கீழேயிருந்து பாய்ந்தால் ஊடாகப் போகலாம், மேலேயிருந்து விழுந்தால் அதில் நிற்கலாம் என்று இருக்கிற பலகைக்கு ஒருவழிப் பலகை என்று பெயர். சுப்பர் மரியோ புறோஸ் 3 இல் வருகிற வண்ணப் பெட்டிகள் இந்த வகைதான். கீழேயிருந்து ஏறலாம், ஆனால் வழமையாக ஊடாகக் கீழே இறங்க ஏலாது. கொன்ட்ராவில் கீழ் பட்டனையும் பாயும் பட்டனையும் சேர்த்து அமத்தினால் கீழ்த் தட்டுக்கு இறங்கலாம். ரெண்டுமே நல்ல கேம்கள். இறங்க விடுவதும் விடாததும் செய்பவரின் தெரிவு. விளையாடுபவருக்கு அந்தத் தெரிவு விளங்காமல் இருப்பதுதான் பிரச்சினை.

வெள்ளவத்தை நண்பர் ஒருவரின் கேமை எடுத்துப் பார்ப்போம். கடற்கரைப் பக்க ஃபிளாட் ஒன்றின் பல்கனிகள்தான் அதில் பலகைகள். கீழ்மாடியிலிருந்து மொட்டைமாடிக்கு ஏறி, காற்றில் பறந்துபோன உடுப்பைப் பிடிக்க வேண்டும். பாத்திரத்தின் உயரம் 28 பிக்சல். ஒரு பாய்ச்சலில் கால் ஏறத்தாழ 55 பிக்சல் வரை எழும்பும். பல்கனிகள் 48 பிக்சல் இடைவெளியில் இருக்கின்றன, ஒவ்வொன்றும் 8 பிக்சல் தடிப்பு. கணக்குப்படி எல்லாப் பல்கனியிலும் ஏறலாம். ஆனால் சில பல்கனிகளில் பாத்திரம் 12 பிக்சல் எழும்பின உடனே நின்று கீழே விழுகிறது. ஏன் 12? பல்கனியின் அடிப்பக்கம் 40 பிக்சல் உயரத்தில் இருக்கிறது, தலை 28 இல் இருக்கிறது, மிச்சம் 12. அதாவது அந்தப் பல்கனி கீழேயிருந்தும் கட்டியாக இருக்கிறது. இப்படி 'அரைப் பாய்ச்சல்' கண்டால் தலை எதிலோ முட்டுகிறது என்று உடனே சொல்லிவிடலாம்.

அந்தக் கேம் கோடோ என்ஜினில் செய்தது. கோடோவில் மோதல் வடிவத்துக்கு `one_way_collision` என்று ஒரு தெரிவு இருக்கிறது. அது போடாமல் விட்டிருக்கலாம், அது முதல் சந்தேகம். ஆனால் நண்பர் எல்லாவற்றுக்கும் போட்டிருந்தார். உண்மைக் காரணம் வேறு. சில பல்கனிகளை அழகுக்காக 180 பாகை திருப்பி வைத்திருந்தார். கோடோவில் ஒருவழியின் திசை வடிவத்தோடு சேர்ந்தே திரும்பும். தலைகீழான பலகை கீழேயிருந்து வருபவரைத் தடுக்கும், மேலேயிருந்து விழுபவரை விட்டுவிடும். எடிட்டரில் அந்த வடிவத்தில் ஒரு அம்புக்குறி தெரியும். சரியான பலகையில் அது கீழ்நோக்கி இருக்கும். மேல்நோக்கி இருந்தால் அதுதான் குற்றவாளி. படத்தை மட்டும் திருப்பி, மோதல் வடிவத்தைத் திருப்பாமல் விட்டால் வேலை முடிந்தது.

என்ஜினின் உதவி இல்லாமல் தாங்களே மோதல் கோட் எழுதுபவர்களுக்கு வேறு ஒரு பொறி இருக்கிறது. 'பாத்திரம் கீழ்நோக்கி வந்தால் பலகை கட்டி, மேல்நோக்கிப் போனால் கட்டியில்லை' என்று மட்டும் எழுதுவார்கள். கேட்கச் சரியாகத்தான் இருக்கும். இப்போது பலகையின் மேற்பக்கம் 75 பிக்சல் உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். பாய்ச்சலின் உச்சியில் கால் 55 இல் நிற்கும், தலை 83 இல். பலகை இடுப்புக்கு மேலே உடம்புக்கு நடுவில் இருக்கிறது. அடுத்த கணம் பாத்திரம் விழத் தொடங்குகிறது. உடனே கோட் பலகையைக் கட்டியாக்குகிறது. உடம்பு ஏற்கெனவே அதற்குள்ளே. சில கோட் அதைத் தூக்கிப் பலகைக்கு மேலே வைக்கும், காந்தம் இழுத்த மாதிரி. கிட்டிய பக்கத்தால் வெளியே தள்ளுகிற கோட் என்றால் கீழே தள்ளும். மேலே தள்ள 20 பிக்சல் வேண்டும், கீழே தள்ள 16 போதும். விளையாடுபவருக்குத் தெரிவதெல்லாம் பலகை தன் தலையைப் பிடித்துக் கீழே எறிந்தது என்பதுதான்.

இதற்கு மருந்து ஒரே ஒரு கேள்வி: போன கணத்தில் கால் எங்கே இருந்தது? கால் பலகைக்கு மேலே இருந்து, இப்போது கீழே வந்தால்தான் பலகை கட்டி. மற்ற எல்லா நேரமும் அது காற்று.

```
var was_above = prev_feet_y <= platform_top + 1.0
var falling = velocity.y >= 0.0
solid = was_above and falling and not dropping
```

திரையில் y கீழ்நோக்கிக் கூடுவதால், சிறிய எண் என்றால் உயரம். அந்த 1 பிக்சல் சலுகை தசமக் கணக்கில் வரும் சிறு பிழைகளுக்காக. லிஃப்ட் மாதிரி அசையும் பலகை என்றால், காலின் பழைய இடத்தைப் பலகையின் பழைய இடத்தோடுதான் ஒப்பிட வேண்டும். பலகையின் புதிய இடத்தோடு ஒப்பிட்டால், மேலே எழும்புகிற லிஃப்ட் அதில் நிற்பவரை ஊடாக விட்டுவிட்டுப் போய்விடும்.

இனி இறங்கும் கதை. கொட்டாஞ்சேனைத் தம்பி ஒருவரின் கேமில் கீழ் பட்டனை அமத்தினால் பாத்திரம் ஒரு துடிப்புத் துடித்துவிட்டு அதே இடத்தில் நிற்கும். கோட் பாத்திரத்தை 2 பிக்சல் கீழே நகர்த்துகிறது. இந்த உத்தி பல பாடங்களில் இருக்கிறது, பல நேரம் வேலையும் செய்யும். கோடோவில் ஒருவழிப் பலகைக்கு `one_way_collision_margin` என்று ஒரு அளவு உண்டு, வழமையாக 1 பிக்சல். மேற்பக்கத்திலிருந்து அந்த ஆழத்துக்குள் இருக்கும் உடம்பை என்ஜின் திரும்பவும் மேலே தூக்கிவிடும். அதைத் தாண்டிவிட்டால் கண்டுகொள்ளாது. வேகமாக விழும்போது பலகை தவறிவிடக் கூடாது என்று தம்பி அந்த அளவை 8 ஆக்கியிருந்தார். அன்றிலிருந்து 2 பிக்சல் போதவில்லை. ஒரு பிரச்சினைக்குக் கொடுத்த மருந்து இன்னொன்றை உண்டாக்கிவிட்டது.

அடுத்து எல்லாரும் போகிற வழி நேரக்கணக்கு. பலகைகளைத் தனி லேயரில் வைத்து, இறங்கும்போது அந்த லேயரைக் கொஞ்ச நேரம் பார்க்காமல் விடுவது. எவ்வளவு நேரம்? கோடோவின் வழமையான ஈர்ப்பு 980. நின்ற இடத்திலிருந்து 0.05 செக்கனில் விழுவது ஒரு பிக்சலுக்குச் சற்று மேல், அது போதாது. 0.4 செக்கனில் விழுவது 78 பிக்சல். பல்கனிகள் 48 பிக்சலுக்கு ஒன்று என்றால், ஒரு மாடி இறங்க நினைத்தவர் ரெண்டு மாடி இறங்கியிருப்பார். பிறகு ஈர்ப்பை மாற்றினால் இந்த எண்ணையும் மாற்ற வேண்டும், யாருக்கு ஞாபகம் இருக்கும்?

ஆகவே நேரத்தை விட்டுத் தூரத்தைப் பாருங்கள் என்கிறோம்.

```
if $FootRay.is_colliding() and is_on_floor() \
        and Input.is_action_pressed("ui_down") \
        and Input.is_action_just_pressed("jump"):
    set_collision_mask_value(2, false)
    drop_from = position.y
if position.y > drop_from + 12.0:
    set_collision_mask_value(2, true)
```

12 என்பது அந்தத் தாங்கும் ஆழத்தைவிடக் கூட, பலகைகளின் இடைவெளியைவிடக் குறைவு. அந்த ரெண்டுக்கும் நடுவில் எந்த எண்ணும் சரி. `FootRay` காலுக்குக் கீழே பார்க்கும் ஒரு சின்னக் கதிர், அது 2ஆம் லேயரை மட்டுமே பார்க்க வேண்டும். அது இல்லாவிட்டால், சாதாரணத் தரையில் நின்று அமத்தினாலும் லேயர் அணைந்துவிடும், 12 பிக்சல் விழ வழியில்லாததால் திரும்பவும் எரியாது. பிறகு ஏறப் பார்க்கும் பலகைகள் எல்லாம் பேய்ப் பலகைகள் ஆகிவிடும். பாயும் கோட் இந்த நேரத்தில் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பாத்திரம் இறங்காமல் பாயும்.

கீழ் பட்டன் மட்டும் போதாதா என்று தம்பி கேட்டார். கீபோர்ட் என்றால் போதும். ஆனால் எங்கட ஆட்களில் முக்கால்வாசிப் பேர் விளையாடுவது போனில், 155 பஸ்ஸில் நின்றுகொண்டு ஒரு கையால். திரையில் இருக்கும் வட்டத்தில் பெருவிரல் கொஞ்சம் வழுக்கினாலே 'கீழ்' ஆகிவிடும். ஏழு மாடி ஏறினவர் விரல் வழுக்கி விழுந்தால், அவர் விரலைக் குறை சொல்ல மாட்டார், கேமை அழிப்பார். கொன்ட்ரா கேட்ட ரெண்டு பட்டன் இதற்குத்தான் நல்லம்.

இறங்க விடக்கூடாது என்று நீங்கள் தீர்மானித்தால் அதுவும் சரி. ஆனால் அதைப் பலகையிலேயே காட்டுங்கள். இறங்கக்கூடியது மெல்லிய கம்பிப் பல்கனி என்றால், இறங்க ஏலாதது தடித்த கொங்கிறீட் ஆக இருக்கட்டும். ஒரே படத்தைப் போட்டுவிட்டு ஒன்றில் இறங்க விட்டு மற்றதில் விடாமல் இருப்பதைத்தான் நாங்கள் ஏற்க மாட்டோம்.

எங்கட வட்டத்தில் கேமைக் காட்டும்போது, 'உங்களுக்குப் பழக்கமில்லை, அதுதான்' என்று செய்தவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். பலகை தலையைப் பிடிப்பது பழக்கக் குறைவு இல்லை. அடுத்த முறை காட்ட முதல், மோதல் வடிவங்கள் தெரியும்படி வைத்து, ஒவ்வொரு பலகையிலும் ஒரு தரம் கீழேயிருந்து ஏறி, ஒரு தரம் பாதியில் நின்று விழுந்து, ஒரு தரம் இறங்கிப் பாருங்கள். இருபது பலகைக்குப் பத்து நிமிடம் செல்லாது. அதுக்குப் பிறகு விழுந்தால், அது எங்கட பிழை எண்டு ஒத்துக்கொள்ளுறம்.