விலை உயர்வும் விளக்கக் கடிதமும்

விலையை உயர்த்த நேரும் சங்கம், தன் நெடுநாள் வாடிக்கையாளர்க்கு முன்கூட்டியே கடிதம் எழுதுதல் கடமை என்பது என் கருத்து. அக்கடிதத்தில் கணக்கும் இருத்தல் வேண்டும்.

2022 நவம்பரில் ஆவின், நிறைகொழுப்புப் பாலின் சில்லறை விலையை லிட்டருக்கு 48 ரூபாயிலிருந்து 60 ரூபாயாக உயர்த்தியது. உற்பத்தியாளர்க்குக் கொள்முதல் விலையில் கூடியதோ 3 ரூபாய். "மீதி 9 ரூபாய் எங்கே?" என வாங்குவோர் வினவுவது இயல்பே.

அவ்வினாவுக்கு விடை உண்டு. 3 ரூபாய் உயர்வு கொள்முதலாகும் பால் அனைத்துக்கும் உரியது; பச்சை, நீல உறைப் பாலின் விலையோ அப்போது உயரவில்லை. மாத அட்டைதாரர்க்கு நிறைகொழுப்புப் பாலும் 46 ரூபாயாகவே நீடித்தது. ஆகவே சுமை ஒரு சாராரிடமே சேர்ந்தது. இதனை முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் ஐயம் எழாது.

ஜெயங்கொண்டம் வட்டாரப் பட்டு நெசவாளர் சங்கங்களும் இவ்வாறு எழுதலாம்:

"அன்புடையீர், பட்டு நூலின் விலை ஏறியமையால் சேலை விலையை உயர்த்துகிறோம். உயர்வில் நூலுக்கு இவ்வளவு, நெய்பவர் கூலிக்கு இவ்வளவு. முன்பணம் செலுத்தியோர்க்குப் பழைய விலையே."

கூலி உயராதபோது கூலியைக் காரணம் காட்டலாகாது. தணிக்கையில் அது வெளிப்பட்டே தீரும்.