வெயிட்டை வெட்டினா சரிவு அடங்குமா?

ஆபீஸ்ல ஆணி புடுங்கினது போக, ராத்திரி பதினோரு மணிக்கு மேல கேன் (GAN) ட்ரெயின் பண்றதுதான் ரெண்டு மாசமா நம்ம பொழப்பு. அது சம்பந்தமா ஒரு ஆதங்கம், அதான் இந்தப் பதிவு. வாசர்ஸ்டைன் கேன் பத்தி யார் எழுதினாலும், "வெயிட் கிளிப்பிங் பழசு, கிரேடியன்ட் பெனால்ட்டி புதுசு, அதனால மாத்திக்குங்க"ன்னு ஒரே வரியில முடிச்சுடறாங்க. ஏன் மாத்தினாங்கன்னு புரியாம மாத்தினா என்ன ஆகும்னு நான் பட்டுத் தெரிஞ்சுகிட்டேன். அதைக் கடைசியில சொல்றேன்.

மொதல்ல கொஞ்சம் கொசுவத்தி. 2014-ல் குட்ஃபெல்லோ கூட்டணி கொண்டுவந்த கேன்ல ஒருத்தன் போலிப் படம் செய்வான், இன்னொருத்தன் அசலா போலியான்னு தீர்ப்பு சொல்வான். அசலும் போலியும் துளிகூட ஒட்டாம இருந்தா, தீர்ப்பு சொல்றவன் எல்லாத்தையும் சரியா பிடிச்சுடுவான். போலி அசலுக்குப் பக்கத்துல இருந்தாலும் "போலி", பத்து மைல் தள்ளி இருந்தாலும் அதே "போலி". அப்புறம் எந்தப் பக்கம் நகரணும்னு செய்யறவனுக்கு எப்படித் தெரியும்?

2017 ஜனவரியில அர்ஜோவ்ஸ்கி, சின்தாலா, போட்டூ மூணு பேரும் இதுக்கு ஒரு வழி சொன்னாங்க. தீர்ப்பு வேண்டாம், தூரத்தை அளப்போம். போலிக் குவியலை அள்ளி அசல் குவியல் மாதிரி அடுக்கறதுக்கு எவ்வளவு மண்ணை எவ்வளவு தூரம் சுமக்கணும்? அதுதான் வாசர்ஸ்டைன் தூரம். இதை அளக்கறவனுக்குப் பேர் கிரிட்டிக். அவன் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு மார்க் போடுவான். அசலோட சராசரி மார்க்குக்கும் போலியோட சராசரி மார்க்குக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு பெரிசா முடியுமோ அவ்வளவு பெரிசாக்கறது அவன் வேலை.

இதுல ஒரு நிபந்தனை இருக்கு. அசல் 0-விலேயும் போலி 3-லேயும் இருக்குன்னு வெச்சுக்குங்க. மார்க் f(x) = -x-ன்னா வித்தியாசம் 3. உண்மையான தூரமும் அதேதான். ஆனா கிரிட்டிக் குசும்பனா இருந்து f(x) = -1000x-ன்னு போட்டா வித்தியாசம் 3000. அதுக்கு மேலயும் போகலாம், முடிவே கிடையாது. அதனால மார்க்கோட சரிவு எங்கேயும் 1-ஐத் தாண்டக் கூடாதுன்னு ஒரு வேலி வேணும். லிப்ஷிட்ஸ் நிபந்தனைங்கறது இவ்வளவுதான்.

அந்த வேலியை எப்படிப் போடறது? முதல் கட்டுரை போட்டது இது:

```python
for p in D.parameters():
    p.data.clamp_(-0.01, 0.01)
```

கிரிட்டிக்கை ஒவ்வொரு தடவை திருத்தின பிறகும், 0.01-ஐத் தாண்டின வெயிட்டை எல்லாம் வெட்டிவிடு. இது மோசமான வழின்னு அந்தக் கட்டுரையிலேயே அவங்களே ஒத்துகிட்டிருக்காங்க. சுலபமா இருக்கு, ஓரளவு வேலையும் செய்யுதுன்னுதான் வெச்சிருந்தாங்க.

என் கட்சி என்னன்னா, இங்க கட்டுப்படுத்த வேண்டியது சரிவை. இவங்க கட்டுப்படுத்தினது வெயிட்டை. ஆஸ்பத்திரியில வீல்சேர் போற சாய்தளம் செங்குத்தா இருக்கக் கூடாதுன்னா சாய்வை அளக்கணும். "சின்னச் செங்கல்தான் வெச்சுக் கட்டணும்"னு சட்டம் போட்டா சாய்வு அடங்குமா? சின்னச் செங்கலை அடுக்கிச் செங்குத்தாவும் கட்டலாம், ஏறவே தேவையில்லாத தட்டையாவும் கட்டலாம்.

கணக்குப் போட்டே பார்த்துடலாம். அடுக்குக்கு 512 நியூரான், 12 அடுக்கு. வெயிட் எல்லாம் +0.01 அல்லது -0.01, குறி தாறுமாறா இருக்கு. இடையில வர்ற ரெலுவை இப்போதைக்கு விட்டுடுவோம். கிரேடியன்ட் ஒரு அடுக்கைத் தாண்டும்போது ஏறக்குறைய √512 × 0.01, அதாவது 0.226 மடங்காகும். பன்னிரண்டு அடுக்கு தாண்டினா ஐந்து கோடியில் ஒரு பங்குக்கும் கீழ. செய்யறவனுக்குப் போய்ச் சேர்ற சேதி பூஜ்யம். சரி, வெட்டை 0.1-னு தளர்த்தினா? அடுக்குக்கு 2.26 மடங்கு, பன்னிரண்டு அடுக்குல சுமார் 18,000 மடங்கு. ஒண்ணு செத்துப்போகும், இல்லே வெடிச்சுடும். நடுவுல ஒரு நல்ல எண் இருக்கலாம், ஆனா அடுக்கை மாத்தினா அந்த எண்ணும் மாறிடும்.

"குறி மட்டும் மாறும், அளவு எல்லாம் ஒண்ணுங்கறது நீயா கட்டினதுதானே?"ன்னு கேப்பீங்க. இல்லீங்க. கிரிட்டிக்குக்கு வித்தியாசத்தைப் பெரிசாக்கற வெறி. அதனால ஒவ்வொரு வெயிட்டும் வேலி வரைக்கும் ஓடி அங்கேயே ஒட்டிக்கும். ஹிஸ்டோகிராம் போட்டா ரெண்டு ஓரத்துலேயும் ரெண்டு கம்பம் நிக்கும், நடுவுல கொஞ்சம்தான். எல்லா வெயிட்டும் ஓரத்துல நின்னா அந்த கிரிட்டிக்கால நெளிவு சுளிவான மேற்பரப்பை வரைய முடியாது. வட்டமா எட்டு கும்பல் இருக்கிற டேட்டாவைக் குடுத்தா, எட்டையும் தனித்தனியாப் பார்க்காம ஒரு மொழுக்கட்டையான மேடுதான் வரையும்.

2017 மார்ச்சுல குல்ரஜானியோட கட்டுரை (அர்ஜோவ்ஸ்கியும் அதுல உண்டு) இதையெல்லாம் படம் போட்டுக் காட்டி, சரிவையே நேரா அளக்கச் சொல்லுச்சு. சரிவு 1-ல இருந்து எவ்வளவு விலகுதோ, அதோட வர்க்கத்தை 10-ஆல பெருக்கி லாஸ்ல அபராதமா சேர்த்துடு. சரி, எந்த இடத்துல அளக்கறது? எல்லா இடத்துலேயும் முடியாது. அதனால ஒரு அசலையும் ஒரு போலியையும் எடுத்து, ரெண்டுக்கும் நடுவுல கோடு போட்டு, அதுல ஏதோ ஒரு புள்ளியில அளக்கறாங்க. ஏன் குறைவா இருந்தாலும் அபராதம், ஏன் சரியா 1? மிகச் சிறந்த கிரிட்டிக்குக்கு, மண்ணு அசலுக்கும் போலிக்கும் நடுவுல பயணம் போற கோட்டுல சரிவு 1-ஆத்தான் இருக்கும்னு கணக்கு சொல்லுது.

```python
e = torch.rand(x.size(0), 1, 1, 1, device=x.device)
h = (e*x + (1-e)*y).requires_grad_(True)
g = torch.autograd.grad(D(h).sum(), h, create_graph=True)[0]
gp = 10 * ((g.flatten(1).norm(2, dim=1) - 1)**2).mean()
```

இதுல x அசல், y போலி (detach பண்ணினது).

இப்ப நான் பட்ட கதை. மூணாவது வரியில create_graph=True-வை விட்டுட்டேன். எந்த எர்ரரும் வரலை. gp-ங்கற எண் லாஸ்ல சேர்ந்துச்சு, ஆனா அதுல இருந்து வெயிட்டுக்குத் திரும்பிப் போற பாதை அறுந்துபோச்சு. வேலி படத்துல இருக்கு, நிலத்துல இல்லை. கிரிட்டிக் லாஸ் மைனஸ்ல தடதடன்னு இறங்க, ஆஹா பிரமாதமாக் கத்துக்குதுன்னு ரெண்டு நாள் குஷியா இருந்தேன். மூணாம் நாள் g-யோட சராசரி நார்மை பிரிண்ட் பண்ணிப் பார்த்தா முன்னூத்தைத் தாண்டி நிக்குது. ஒழுங்கா இருந்தா 1-ஐ ஒட்டியே ஆடணும். எது எதைக் கட்டுப்படுத்துதுன்னு புரிஞ்சிருந்தா முதல் நாளே இதைத்தான் பார்த்திருப்பேன்.

அதுக்காக பெனால்ட்டியைத் தலையில தூக்கி வெச்சு ஆடவும் நான் தயாரா இல்லை. அந்தக் கோடுகளைத் தாண்டின இடத்துல சரிவு என்னன்னு அது பார்க்கிறதே இல்லை. ஒவ்வொரு தடவையும் கிரேடியன்ட்டுக்கே கிரேடியன்ட் எடுக்கணும், அதுவும் செய்யறவனோட ஒரு அடிக்கு கிரிட்டிக் அஞ்சு அடி. மெஷின் முனகுது. 2018-ல் மெஷ்டர் கூட்டணி, எளிய உதாரணத்துலேயே இது எப்பவும் போய்ச் சேரும்னு சொல்ல முடியாதுன்னு காட்டினாங்க. அதே வருஷம் மியாட்டோ கூட்டணி கொண்டுவந்த ஸ்பெக்ட்ரல் நார்மலைசேஷன் ஒவ்வொரு அடுக்கோட பெருக்கத்தையும் 1-க்குள்ள நிறுத்துது. அதுவும் வெயிட்டுலதான் கைவெக்குது. ஆனா தனித்தனி வெயிட்டை வெட்டாம, அடுக்கு எவ்வளவு பெருக்குதுன்னு அளந்து வகுக்குது. அளந்தா சரி, குருட்டாம்போக்குல வெட்டினா தப்பு. நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

மாற்றுக் கருத்து இருக்கிறவங்க பின்னூட்டத்துல வந்து கும்முங்க.

டிஸ்கி: கிரிட்டிக்குல பேட்ச்நார்ம் வெச்சுகிட்டு பெனால்ட்டி போடாதீங்க. சரிவை ஒவ்வொரு படத்துக்கும் தனியா அளக்கறோம், பேட்ச்நார்ம் எல்லாப் படத்தையும் ஒண்ணாக் கலக்கிடும். லேயர்நார்ம் போடுங்க, இல்லே சும்மா விடுங்க.