டிரெட்மில்லுக்குத் தெரியாத கொழுப்பு

டிரெட்மில் சோதனை நார்மல் என்று வந்த சில வாரங்களில் ஒருவருக்கு மாரடைப்பு வந்தால், சோதனையைச் சரியாகச் செய்யவில்லை என்று வீட்டார் கொதிக்கிறார்கள். பெரும்பாலும் அது காரணமல்ல. இதயத் தமனி ஏறக்குறைய 70 சதவீதம் சுருங்கினால்தான் அந்தச் சோதனையில் பிடிபடும். மாரடைப்புகளில் பலவோ, அதைவிடக் குறைவான அடைப்புள்ள இடத்தில் தொடங்குகின்றன.

புகை, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவை தமனியின் உட்சவ்வைப் புண்படுத்துகின்றன. அதன் வழியே எல்டிஎல் கொழுப்பு சுவருக்குள் புகுந்து கெடுகிறது. அதை விழுங்க வரும் வெள்ளணுக்கள் கொழுப்பால் உப்பி, அங்கேயே மடிகின்றன. இப்படிச் சேரும் கொழுப்புக் குழம்பின்மேல் உடல் ஒரு நார்மூடியை நெய்கிறது. மூடி தடிமனாக இருக்கும்வரை ஆபத்து குறைவு. ஆனால் அழற்சி தணியாவிட்டால், அதே வெள்ளணுக்கள் சுரக்கும் நொதிகள் மூடியின் கொலாஜனை அரிக்கின்றன. அது 65 மைக்ரானுக்கும் கீழே, முடியிழையை விட மெல்லியதாகிவிட்டால், ஒரு கோபத்தில் ஏறும் ரத்த அழுத்தமே கிழிக்கப் போதும். குழம்பு ரத்தத்தைத் தொட்டதும் தட்டணுக்கள் ஒட்டி, சில நிமிடங்களில் உறைகட்டி குழாயை அடைத்துவிடலாம்.

ஆகவே சோதனை நார்மல் என்பதற்காக ஸ்டாட்டின் மாத்திரையை நீங்களாக நிறுத்துவது பெரும் தவறு. எல்டிஎல்லைக் குறைப்பதோடு, அந்த மூடியைத் தடிமனாக்க உதவுவதும் அதுதான்.